வைவாக்ஸ் மலேரியாவின் மறுதாக்கமும் பிரைமாகுயின் முன் செய்யப்படும் நொதிச் சோதனையும்

வைவாக்ஸ் மலேரியா என்பது பிளாஸ்மோடியம் வைவாக்ஸ் என்னும் ஒட்டுண்ணியால் உண்டாகும் மலேரியா வகை ஆகும். இந்த ஒட்டுண்ணியின் ஒரு பகுதி, நோயாளியின் கல்லீரலுக்குள் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ செயலற்று உறங்கிக் கிடக்கக்கூடியது. காய்ச்சல் முற்றிலும் நீங்கி, இரத்தப் பரிசோதனையில் எதுவும் தெரியாத நிலையிலும் இவ்வுறங்கு வடிவங்கள் உயிருடன் இருக்கும். இவை விழித்தெழும்போது, புதிய கொசுக்கடி இல்லாமலேயே மலேரியா மீண்டும் வருகிறது. இதற்கு மறுதாக்கம் என்று பெயர்.

உறங்கு வடிவங்களை அழிக்கப் பரவலாகப் பயன்படும் மருந்து பிரைமாகுயின். ஆனால் குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரஜனேஸ் (சுருக்கமாக ஜி6பிடி) என்னும் நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு இம்மருந்து இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். எனவே மருந்தைத் தொடங்குமுன் அந்நொதியின் அளவு சோதிக்கப்படுகிறது.

## கல்லீரலில் நடப்பது

ஒட்டுண்ணியைச் சுமக்கும் பெண் அனோபிலிஸ் கொசு கடிக்கும்போது, அதன் உமிழ்நீருடன் ஊசி போன்ற மெல்லிய வடிவங்கள் தோலுக்குள் செலுத்தப்படுகின்றன. இவை இரத்தத்தின் வழியே கல்லீரலை அடைந்து அதன் உயிரணுக்களுக்குள் நுழைகின்றன. அங்கே இவற்றுக்கு இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழியில், ஒட்டுண்ணி உடனே வளரத் தொடங்குகிறது. ஏறத்தாழ எட்டு நாட்களில் ஒரே உயிரணுவுக்குள் ஆயிரக்கணக்கான சேய் ஒட்டுண்ணிகள் உருவாகி, அவ்வுயிரணு வெடித்து இரத்தத்தில் கலக்கின்றன. அவை சிவப்பணுக்களுக்குள் புகுந்து, 48 மணி நேரத்துக்கு ஒரு முறை பெருகி வெளிவருகின்றன. நோயாளி உணரும் குளிரும் நடுக்கமும் காய்ச்சலும் இந்த இரத்த நிலையின் விளைவுகளே. ஒருநாள் விட்டு ஒருநாள் காய்ச்சல் வருவதும் இந்த 48 மணி நேரச் சுழற்சியால்தான்.

இரண்டாவது வழியில், ஒட்டுண்ணி கல்லீரல் உயிரணுவுக்குள் நுழைந்ததும் வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிறது. ஒரே ஒரு உட்கருவுடன், சுமார் 5 மைக்ரோமீட்டர் அளவில் சிறு உருண்டையாக அப்படியே தங்கிவிடுகிறது. இதற்கு ஹிப்னோசோயிட் என்று பெயர். உறக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. தமிழில் இதை உறங்கு வடிவம் எனலாம். பின்னொரு நாள் இது விழித்து, முதல் வழியில் சொன்ன அதே வளர்ச்சியை மேற்கொண்டு இரத்தத்தை அடைகிறது. ஒரே கொசுக்கடியில் நுழைந்தவற்றுள் சில உடனேயும், சில முதல் மாதத்திலும், சில அடுத்த ஆண்டிலும் விழிக்கக்கூடும். ஆகவே ஒரே தொற்று பல முறை காய்ச்சலாக வெளிப்படலாம்.

மனிதரைத் தாக்கும் மலேரியா ஒட்டுண்ணிகளில் வைவாக்ஸும் ஓவேலும் மட்டுமே மறுதாக்கம் உண்டாக்குபவை. உயிருக்கு அதிக ஆபத்து விளைவிக்கும் பால்சிபாரம் வகைக்கு உறங்கு வடிவம் கிடையாது. பால்சிபாரம் இரத்தத்திலிருந்து முழுவதும் நீக்கப்பட்டால் அந்த நோய் முடிந்துவிடும். வைவாக்ஸில் இரத்தம் தூய்மையாவது பாதி வேலை மட்டுமே.

## கண்டறியப்பட்ட வரலாறு

வைவாக்ஸ் திரும்பத் திரும்ப வருவது மருத்துவர்களுக்கு நெடுங்காலமாகத் தெரியும். ஆனால் இடைப்பட்ட மாதங்களில் ஒட்டுண்ணி எங்கே இருக்கிறது என்பது தெரியவில்லை. 1903இல் ஜெர்மானிய ஆய்வாளர் பிரிட்ஸ் ஷாடின், கொசுவிலிருந்து வரும் வடிவங்கள் நேரே சிவப்பணுக்குள் நுழைவதைக் கண்டதாக அறிவித்தார். அது தவறான முடிவு. ஆயினும் அவருக்கிருந்த மதிப்பினால் அக்கருத்து பல பத்தாண்டுகள் பாடநூல்களில் நிலைத்தது.

1948இல் லண்டனில் ஹென்றி ஷார்ட்டும் சிரில் கார்னமும், மலேரியா ஒட்டுண்ணி முதலில் கல்லீரலில் வளர்கிறது என்பதைக் குரங்கில் காட்டினர். வைவாக்ஸைப் போலவே மறுதாக்கம் செய்யும் குரங்கு மலேரியா ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியம் சைனோமோல்கியை அவர்கள் பயன்படுத்தினர். அதே ஆண்டில் வைவாக்ஸின் கல்லீரல் நிலையும் காட்டப்பட்டது. ஆனால் அவர்கள் கண்டது வளரும் வடிவத்தை மட்டுமே. உறங்கும் ஒற்றைக்கரு வடிவத்தைக் காண மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஒளிரும் எதிர்ப்பொருள்களைக் கொண்டு கல்லீரல் திசுவைச் சாயமேற்றிய வோய்ச்செக் குரோட்டோஸ்கியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1980இல் சைனோமோல்கியிலும், 1982இல் வைவாக்ஸிலும் அதைக் காட்டினர்.

## மறுதாக்கத்தின் காலக்கணக்கு

எவ்வளவு நாள் கழித்து மறுதாக்கம் வரும் என்பது ஒட்டுண்ணி எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்தது. நியூ கினியில் தொற்றிய ஒரு போர்வீரரிடமிருந்து பெறப்பட்ட செசன் வகை, மூன்று நான்கு வாரங்களிலேயே திரும்பி வரும். வெப்பமண்டலத்தில் ஆண்டு முழுவதும் கொசு இருப்பதால், அடிக்கடி இரத்தத்தில் தோன்றுவது ஒட்டுண்ணிக்கு ஆதாயம். கொரியா போன்ற குளிர்ப் பகுதிகளிலோ கொசு கோடையில் மட்டுமே பறக்கும். அங்குள்ள வகை எட்டு முதல் பன்னிரண்டு மாதங்கள் உறங்கி, அடுத்த கோடையில் எழும். சிலருக்கு முதல் காய்ச்சலே இவ்வாறு அடுத்த ஆண்டில்தான் வருகிறது. இந்தியாவில் குறுகிய இடைவெளியும் நீண்ட இடைவெளியும் ஆகிய இரண்டுமே காணப்படுகின்றன.

1950இல் தொடங்கிய கொரியப் போரில் இது பெரிய அளவில் வெளிப்பட்டது. அங்கு இருந்த காலத்தில் வாரந்தோறும் குளோரோகுயின் உண்ட அமெரிக்க வீரர்கள் நலமாக இருந்தனர். தாய்நாடு திரும்பி மாத்திரையை நிறுத்திய பின், கொரியாவையே மறந்திருந்த நேரத்தில், அவர்களுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. இதையடுத்து 1951 முதல், ஊர் திரும்பும் கப்பலிலேயே வீரர்களுக்கு நாளொன்றுக்கு 15 மி.கி. வீதம் 14 நாட்கள் பிரைமாகுயின் தரப்பட்டது. இன்றும் பல நாடுகளில் வழங்கும் 14 நாள் முறையின் வேர் இக்கப்பற்பயணத்தில் உள்ளது.

மறுதாக்கத்தின் பங்கு சிறிதன்று. பப்புவா நியூ கினியில் குழந்தைகளிடையே நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வு, அங்கு ஏற்படும் வைவாக்ஸ் தொற்றுகளில் ஐந்தில் நான்கு பங்கு மறுதாக்கமே என்று கணித்தது. கொசுவை எவ்வளவு ஒழித்தாலும் ஏற்கெனவே கல்லீரலில் உள்ளவற்றை அது தொடாது. திரும்ப நோயுறும் ஒவ்வொருவரும் அங்குள்ள கொசுக்களுக்குப் புதிதாக ஒட்டுண்ணியை வழங்குகிறார்.

## குளோரோகுயின் மட்டும் ஏன் போதாது

குளோரோகுயின் இரத்த நிலையை அழிக்கும் மருந்து. சிவப்பணுக்குள் இருக்கும் ஒட்டுண்ணி ஹீமோகுளோபினை உணவாகச் செரிக்கிறது. அப்போது மிஞ்சும் ஹீம் என்னும் இரும்புச் சேர்மம் ஒட்டுண்ணிக்கே நஞ்சு. அதைப் படிகமாக்கி ஒதுக்கிவைத்து ஒட்டுண்ணி தப்பிக்கிறது. குளோரோகுயின் இப்படிகமாக்கத்தைத் தடுக்கிறது. கல்லீரலில் உறங்கும் வடிவம் ஹீமோகுளோபினை உண்பதில்லை. ஆகவே குளோரோகுயின் தாக்குவதற்கான இடம் அதனிடம் இல்லை.

குளோரோகுயின் இன்னொரு வகையில் நோயின் போக்கை மறைக்கவும் செய்கிறது. அது உடலில் பல வாரங்கள் தங்கும். மூன்றாவது வாரத்தில் விழித்து இரத்தத்துக்கு வரும் முதல் அணியை, மிச்சமிருக்கும் மருந்தே அழித்துவிடும். மருந்தின் அளவு குறைந்த பின் வருவதுதான் காய்ச்சலாகத் தெரியும். அதனால் குளோரோகுயின் உண்டவர்களுக்குக் குறுகிய இடைவெளி வகையிலும் மறுதாக்கம் ஆறாவது, ஏழாவது வாரத்தில்தான் பெரும்பாலும் வெளிப்படுகிறது.

திரும்ப வந்த காய்ச்சலுக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். இரத்தத்தில் இருந்தவை முழுதும் அழியாமல் மீண்டும் பெருகியிருக்கலாம். கல்லீரலிலிருந்து வந்திருக்கலாம். அல்லது புதிய கொசுக்கடியாக இருக்கலாம். சிகிச்சை தொடங்கி 28 நாட்களுக்குள் வந்தால் மருந்து சரியாக உட்கொள்ளப்பட்டதா, ஒட்டுண்ணி மருந்தை எதிர்க்கிறதா என்று முதலில் பார்க்கப்படும். அதற்குப் பின் வந்தால், மலேரியா பரவும் ஊரில் மறுதாக்கத்தையும் புதிய தொற்றையும் ஒரு நோயாளியில் பிரித்தறிவது கடினம். மரபணுச் சோதனையும் இதைத் தீர்ப்பதில்லை. முன்பு ஒரு கொசுக்கடியில் வந்து உறங்கிய வேறொரு மரபுவழி ஒட்டுண்ணி இப்போது விழித்திருக்கலாம் என்பதே காரணம். நோயாளி மலேரியா இல்லாத ஊருக்குப் போய்விட்ட பின் காய்ச்சல் வந்தால் மட்டுமே மறுதாக்கம் என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

உயிருடன் உள்ள ஒருவரின் கல்லீரலில் உறங்கு வடிவம் இருக்கிறதா என்று காட்டும் வழக்கமான சோதனை எதுவும் இல்லை. எனவே வைவாக்ஸ் உறுதியான ஒவ்வொருவருக்கும் அது இருப்பதாகக் கொண்டே சிகிச்சை தரப்படுகிறது. இதற்கு முழுக்குணச் சிகிச்சை என்று பெயர்.

## பிரைமாகுயினும் சிவப்பணுவும்

பிரைமாகுயின் 8-அமினோகுயினோலின் என்னும் வேதிக் குடும்பத்தைச் சேர்ந்தது. உட்கொண்ட வடிவில் அது ஒட்டுண்ணியைக் கொல்வதில்லை. கல்லீரலில் உள்ள சிஒய்பி2டி6 என்னும் நொதி அதை வேறு சேர்மங்களாக மாற்றுகிறது. இச்சேர்மங்கள் மாறி மாறி ஆக்சிஜனேற்றமும் ஒடுக்கமும் அடைந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகின்றன. ஒட்டுண்ணியை அழிப்பது இந்தத் தாக்கமே எனக் கருதப்படுகிறது.

அதே சேர்மங்கள் இரத்தத்திலும் கலக்கின்றன. சிவப்பணு ஆக்சிஜனைச் சுமப்பதால் ஆக்சிஜனேற்றச் சேதம் அதற்கு அன்றாட ஆபத்து. அதைத் தடுக்கக் குளுட்டாதியோன் என்னும் பொருள் சிவப்பணுவுக்குள் இருக்கிறது. ஒவ்வொரு முறை பெராக்சைடை நடுநிலையாக்கும்போதும் குளுட்டாதியோன் செலவாகும். அதைத் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர என்ஏடிபிஎச் என்னும் துணைப்பொருள் வேண்டும். மற்ற உயிரணுக்களுக்கு என்ஏடிபிஎச் பெறப் பல வழிகள் உண்டு. உட்கருவும் மைட்டோகாண்டிரியாவும் இல்லாத முதிர்ந்த சிவப்பணுவுக்கு ஒரே வழிதான் உண்டு. அவ்வழியின் முதல் படியை இயக்கும் நொதியே ஜி6பிடி.

இந்நொதி குறைவாக உள்ள சிவப்பணு, சாதாரண நாட்களில் எவ்விதக் குறையும் காட்டாமல் இயங்கும். பிரைமாகுயின் போன்ற மருந்தோ, பாவா அவரையோ, கடும் தொற்றோ வரும்போது அதன் குளுட்டாதியோன் தீர்ந்துவிடுகிறது. ஹீமோகுளோபின் சிதைந்து, ஹைன்ஸ் துகள்கள் எனப்படும் கட்டிகளாக அணுச்சுவரில் ஒட்டுகிறது. அணு விறைத்து, மண்ணீரலிலும் இரத்தக் குழாய்க்குள்ளும் உடைகிறது. வெளிவந்த ஹீமோகுளோபின் சிறுநீரகம் வழியே வெளியேறுவதால் சிறுநீர் தேநீர் டிகாஷன் நிறத்தில் கறுக்கிறது. கண் மஞ்சளாகிறது. பெரும்பாலும் மருந்து தொடங்கிய இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் இவை தெரிய ஆரம்பிக்கும்.

இதன் காரணத்தை அறிந்த வரலாறு வேதனையானது. கொரியப் போருக்கு முன்பும் பின்பும் அமெரிக்காவின் இலினாய் மாநிலச் சிறையான ஸ்டேட்வில்லில், கைதிகளுக்கு மலேரியாவைத் தொற்றவைத்து மருந்துகள் சோதிக்கப்பட்டன. நாளொன்றுக்கு 30 மி.கி. பிரைமாகுயின் உண்ட ஆப்பிரிக்க வழி வந்த கைதிகள் சிலருக்கு மட்டும் இரத்தம் சிதைந்தது. குறை உடலிலா, இரத்த அணுவிலா என்பதை அறிய, அவர்களது சிவப்பணுக்களில் கதிரியக்கக் குரோமியத்தை ஏற்றி, பாதிப்பில்லாத மற்றொருவருக்குச் செலுத்தினர். அவருக்குப் பிரைமாகுயின் தந்தபோது, அவரது சொந்த அணுக்கள் நலமாக இருக்க, இரவல் அணுக்கள் மட்டும் உடைந்தன. ஆகவே குறை அணுவுக்குள்ளேயே இருந்தது. 1956இல் பால் கார்சனும் உடன் பணியாற்றியவர்களும் அது ஜி6பிடி குறைபாடு என்று கண்டனர். கைதிகளைக் கொண்டு இவ்வாறு ஆய்ந்தது பின்னாளில் கடும் கண்டனத்துக்கு உள்ளானது.

## குறைபாடு எல்லோரிடமும் ஒன்றல்ல

ஜி6பிடி மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. ஆணுக்கு ஒரே எக்ஸ் இருப்பதால், அது பழுதானால் அவருடைய எல்லாச் சிவப்பணுக்களும் குறைபாடுடையவை. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் உண்டு. ஒவ்வோர் உயிரணுவிலும் இரண்டில் ஒன்று அணைக்கப்பட்டுவிடும். எனவே ஒரு மரபணு மட்டும் பழுதான பெண்ணின் இரத்தத்தில் நல்ல அணுக்களும் குறையுள்ள அணுக்களும் கலந்திருக்கும். அவரது சராசரி நொதி அளவு 50 விழுக்காடு என்று வந்தால், எல்லா அணுக்களும் பாதி வலிமையுடன் உள்ளன என்று பொருளன்று. ஏறக்குறைய பாதி அணுக்கள் மருந்தைத் தாங்காதவை என்றே பொருள்.

பழுதின் தன்மையும் இடத்துக்கு இடம் மாறுபடும். ஆப்பிரிக்காவில் பரவலான ஏ-மைனஸ் வகையில், இளம் சிவப்பணுக்களில் நொதி ஓரளவு இருக்கும். 120 நாள் வாழும் சிவப்பணு புதிதாகப் புரதம் செய்ய இயலாததால் நாளாக ஆக நொதி தேய்கிறது. அங்கு முதிய அணுக்கள் மட்டும் உடைந்து, எலும்பு மஞ்சையிலிருந்து வரும் இளம் அணுக்கள் தாக்குப்பிடிக்க, சிதைவு தானே அடங்கிவிடும். மத்தியதரைக்கடல் வகையில் இளம் அணுக்களிலும் நொதி மிகக் குறைவு. மருந்தை நிறுத்தாவிட்டால் சிதைவு நிற்காது. இந்தியாவில் மத்தியதரைக்கடல் வகை, ஒரிசா வகை, கேரளா-கல்யாண் வகை ஆகியவை காணப்படுகின்றன. இதனால், ஓரிடத்தில் பிரைமாகுயின் கேடு செய்யவில்லை என்னும் அனுபவத்தை இன்னோர் இடத்துக்கு அப்படியே பொருத்த முடியாது.

## சோதனை முறைகள்

பழைய, மலிவான முறை ஒளிர்வுப் பொட்டுச் சோதனை. ஒரு துளி இரத்தத்தை வினைப்பொருளுடன் கலந்து வடிதாளில் வைத்துப் புறஊதா ஒளியில் பார்ப்பார்கள். நொதி இருந்தால் என்ஏடிபிஎச் உருவாகிப் பொட்டு ஒளிரும். ஒளிராவிட்டால் குறைபாடு. கைவிரல் இரத்தத்தில் சில நிமிடங்களில் முடிவு காட்டும் பட்டைச் சோதனைகளும் உள்ளன. இவ்விரண்டும் நொதி அளவு இயல்பில் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குக் கீழே இருப்பவர்களைப் பிடிக்கும். ஆண்களுக்கு இது பெரும்பாலும் போதுமானது. மேற்சொன்ன 50 விழுக்காட்டுப் பெண்ணை இவை இயல்பானவர் என்றே காட்டும்.

மூன்றாவது முறை அளவிடும் சோதனை. கையடக்கக் கருவி ஒன்று, ஒரு கிராம் ஹீமோகுளோபினுக்கு எத்தனை அலகு நொதி என்று எண்ணாகவே தரும். ஹீமோகுளோபின் அளவையும் சேர்த்துக் காட்டுவது இதில் கூடுதல் பயன். இடைநிலையில் உள்ள பெண்களை இதுவே வெளிப்படுத்தும்.

எந்தச் சோதனையும் தவறாக இயல்பு என்று காட்டும் நேரம் ஒன்று உண்டு. இரத்தச் சிதைவு நடந்து முடிந்தவுடன் முதிய அணுக்கள் அழிந்துபோய், நொதி மிகுந்த இளம் அணுக்களே மிஞ்சியிருக்கும். அப்போது எடுத்த இரத்தம் உண்மை நிலையைவிட உயர்ந்த அளவைக் காட்டும். அண்மையில் இரத்தம் ஏற்றப்பட்டிருந்தால் கொடுத்தவரின் நொதியும் சேர்ந்து அளக்கப்படும். இவ்விரு நிலைகளிலும் சுமார் மூன்று மாதம் கழித்துச் சோதனையைத் திரும்பச் செய்வது முறை. அதுவரை முடிவை நம்பிப் பிரைமாகுயினை மறுபடி தொடங்குவது ஆபத்து.

## ஓர் எடுத்துக்காட்டு

பின்வருவது விளக்கத்துக்காக அமைத்த நிகழ்வு. சென்னையில் மலேரியா பெரும்பாலும் வைவாக்ஸ் வகை. கிணறுகளிலும் மேல்நிலைத் தொட்டிகளிலும் வளரும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி கொசு அதைப் பரப்புகிறது. அங்கு கட்டட வேலை செய்யும், 60 கிலோ எடையுள்ள இளைஞர் ஒருவருக்கு ஆகஸ்ட் முதல் வாரத்தில் வைவாக்ஸ் உறுதியானது எனக் கொள்வோம்.

குளோரோகுயின் கிலோவுக்கு மொத்தம் 25 மி.கி. என்பது கணக்கு. முதல் நாள் 600, இரண்டாம் நாள் 600, மூன்றாம் நாள் 300 என மொத்தம் 1500 மி.கி. அவருக்குத் தரப்பட்டது. மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டது. வேலைக்குத் திரும்பிவிட்ட அவர் பிரைமாகுயினைத் தொடங்கவே இல்லை. செப்டம்பர் கடைசியில் மீண்டும் நடுக்கத்துடன் காய்ச்சல். இரத்தப் படலத்தில் மறுபடி வைவாக்ஸ். ஏழாவது வாரம் வந்திருப்பது, குளோரோகுயின் தேய்ந்தபின் வரும் மறுதாக்கத்தோடு பொருந்துகிறது.

இம்முறை மூன்று நாள் குளோரோகுயினுடன் ஜி6பிடி சோதனையும் செய்யப்படுகிறது. முடிவு இயல்பு என்றால், இந்தியத் தேசியத் திட்டத்தின் அளவான கிலோவுக்கு 0.25 மி.கி. வீதம் நாளொன்றுக்கு 15 மி.கி., 14 நாட்கள். மொத்தம் 210 மி.கி. அதாவது கிலோவுக்கு 3.5 மி.கி. இவ்வளவு அனைத்தும் மருந்தின் மூலப்பொருளின் எடை. உப்பாக எடுத்தால் 15 மி.கி. என்பது ஏறத்தாழ 26 மி.கி. ஆகும். எனவே மாத்திரை உறையில் எது எழுதப்பட்டுள்ளது என்று பார்ப்பது மருந்தாளுநரின் வேலை. வெறும் வயிற்றில் உண்டால் வயிற்றுவலி வரும் என்பதால் உணவுக்குப் பின் உண்ணச் சொல்வார்கள்.

சோதனையில் 30 விழுக்காட்டுக்குக் குறைவு என்று வந்தால் தினசரி முறை கூடாது. பிரைமாகுயினின் பயன் மொத்த அளவைச் சார்ந்தது. அதை எவ்வளவு வேகமாகத் தருகிறோம் என்பதைச் சார்ந்தது அன்று. ஆனால் அதன் கேடோ வேகத்தைச் சார்ந்தது. இவ்வேறுபாட்டின் மேல் அமைந்தது வாரமுறை: கிலோவுக்கு 0.75 மி.கி., வாரம் ஒரு முறை, எட்டு வாரம். இவருக்கு அது வாரந்தோறும் 45 மி.கி. ஒவ்வொரு வேளையும் மிக முதிய அணுக்களை மட்டும் உடைக்கும். அடுத்த வேளைக்குள் எலும்பு மஞ்சை இழப்பை ஈடுசெய்யும். இருப்பினும் இது மருத்துவக் கண்காணிப்பில், ஹீமோகுளோபினைப் பார்த்துப் பார்த்து, தேவையானால் இரத்தம் ஏற்றும் வசதியுள்ள இடத்திலேயே செய்யப்படும்.

சோதனையே செய்யாமல் அதே இளைஞருக்குத் தினசரி மருந்து தரப்பட்டு, அவர் கடுமையான குறைபாடு உடையவராக இருந்தால் என்ன நடக்கும் என்பதையும் பார்க்கலாம். மூன்றாம் நாள் சிறுநீர் கறுக்கிறது. உடல் சோர்கிறது. மலேரியாவும் சிவப்பணுக்களை அழிப்பதால், சோர்வைக் காய்ச்சலின் மிச்சம் என்று அவர் எண்ணிக்கொண்டு மாத்திரையைத் தொடர்ந்தால் ஹீமோகுளோபின் மேலும் விழும். சிறுநீரகம் பழுதாகவும், உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். அந்த மூன்றாம் நாளில் மருந்தை நிறுத்திவிட்டால் பெரும்பாலோர் தேறிவிடுவர். பிரைமாகுயின் சில மணி நேரத்தில் பாதியாகக் குறையும் மருந்து என்பதே இதற்கு உதவுகிறது.

இதனால்தான் சோதனை வசதி இல்லாத இடங்களில் மருந்து கொடுக்கும்போது, நோயாளியிடம் சொல்லவேண்டிய எச்சரிக்கை தேசிய வழிகாட்டுதலில் இடம்பெற்றுள்ளது. சிறுநீர் கறுத்தாலோ, கண் மஞ்சளானாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, வயிற்றுவலி, குமட்டல், வாந்தி ஏற்பட்டாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் வரவேண்டும். இவற்றுள் உதடு நீலம் பாய்வது ஜி6பிடி குறைபாடு இல்லாதவருக்கும் வரலாம். ஹீமோகுளோபினின் இரும்பு ஆக்சிஜனேற்றமடைந்து ஆக்சிஜனைச் சுமக்க இயலாமல் போவதே அதற்குக் காரணம்.

## எல்லைகளும் சிக்கல்களும்

கருவுற்ற பெண்களுக்குப் பிரைமாகுயின் தரப்படுவதில்லை. தாயின் நொதி இயல்பாக இருந்தாலும் கருவிலுள்ள குழந்தையின் நிலையைச் சோதிக்க முடியாது. மகப்பேறு வரை வாரந்தோறும் குளோரோகுயின் கொடுத்து, எழுந்துவரும் ஒட்டுண்ணியை இரத்தத்திலேயே அழித்து, முழுக்குணச் சிகிச்சையைத் தள்ளிவைப்பது ஒரு வழி. கைக்குழந்தைகளுக்கும் இம்மருந்து விலக்கு.

பதினான்கு நாள் முறையின் பெரிய பலவீனம், காய்ச்சல் மூன்றாம் நாளே போய்விடுவது. நலமாக உணர்பவர் மீதி மாத்திரைகளை விட்டுவிடுகிறார். நாளொன்றுக்குக் கிலோவுக்கு 0.5 மி.கி. வீதம் ஏழு நாளில் முடிக்கும் முறை இதற்காக வந்தது. மொத்த அளவு அதே 3.5 மி.கி. ஆனால் தினசரிச் சுமை இரட்டிப்பாவதால் நொதிச் சோதனையின் தேவை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டாபினோகுயின், ஒரே வேளையில் 300 மி.கி. கொடுத்து முடிக்கும் மருந்து. மாத்திரை விட்டுப்போகும் சிக்கல் அதில் இல்லை. ஆனால் அது பாதியாகக் குறையவே ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். சிறுநீர் கறுத்த பின் நிறுத்துவதற்கு அங்கு எதுவும் இல்லை. ஆகவே அளவிடும் சோதனையில் நொதி 70 விழுக்காட்டுக்கு மேல் உள்ளவர்களுக்கு மட்டுமே அது தரப்படுகிறது. பிரைமாகுயினுக்குப் போதுமான பொட்டுச் சோதனை இதற்குப் போதாது.

சோதனை இயல்பாக இருந்து, மருந்தை முழுவதும் உண்ட பின்னும் சிலருக்கு மறுதாக்கம் வருகிறது. எடைக்குக் குறைவான அளவு கொடுக்கப்பட்டிருப்பது ஒரு காரணம். கிழக்காசியா, ஓசியானியா ஆகிய பகுதிகளின் வகைகளுக்குக் கிலோவுக்கு மொத்தம் 7 மி.கி. வரை தேவைப்படுகிறது. மற்றொரு காரணம், சிஒய்பி2டி6 நொதி பிறவியிலேயே வலுவிழந்தவர்களிடம் பிரைமாகுயின் செயலுறு வடிவத்துக்கு மாறாமல் போவது. இரண்டாம் முறை மறுதாக்கம் வரும்போது ஒட்டுண்ணி மருந்தை எதிர்க்கிறது என்று முடிவு செய்யுமுன், அளவு, நாட்கள், எடை ஆகியவற்றை முதலில் சரிபார்ப்பது வழக்கம்.

சோதனைக்கு அஞ்சிப் பிரைமாகுயினைத் தராமலே விடுவதும் தீங்கற்றது அன்று. ஒவ்வொரு மறுதாக்கமும் சிவப்பணுக்களை அழிக்கிறது. குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் இரத்தசோகையை ஆழமாக்குகிறது. உறங்கு வடிவத்தை யாரிடமும் பார்த்து உறுதிசெய்ய முடியாத நிலையில், மருந்துக்கு முன் பார்க்கக்கூடியது நோயாளியின் சிவப்பணு ஒன்றே. கைவிரலில் எடுக்கும் ஒரு துளி இரத்தம், மருந்தைத் தினமும் தருவதா, வாரம் ஒருமுறை தருவதா, தள்ளிவைப்பதா என்று முடிவு செய்ய உதவுகிறது.